ஆப்ஷன் செயினில் எழுதப்படாத விலை

வர்த்தகக் குழுக்களில் தினமும் சுற்றும் படங்களில் ஆப்ஷன் செயின் ஸ்கிரீன்ஷாட்டுக்குத் தனி இடம் உண்டு. நடுவில் ஸ்ட்ரைக் விலைகள், இடப்பக்கம் கால், வலப்பக்கம் புட். யாரோ ஒருவர் 25,500 கால் வரிசையில் பெரிய ஓபன் இன்ட்ரஸ்டைச் சிவப்பில் வட்டமிட்டு, "இதுதான் ரெசிஸ்டன்ஸ்" என்று எழுதி அனுப்பியிருப்பார். அந்த வட்டம் சொல்வது சரியா, தவறா என்று அந்தப் படத்தை வைத்தே சோதிக்க முடியும். ஆனால் அதற்குக் கண் முதலில் போக வேண்டிய இடம் ஓபன் இன்ட்ரஸ்ட் அல்ல.

ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்பதால் செயினில் உள்ள எண்களெல்லாம் ஒரே இனம் என்று தோன்றிவிடுகிறது. ஸ்ட்ரைக் என்பது ஒப்பந்த விதி, அது மாறாது. பிரீமியம் என்பது யாரோ இருவர் உண்மையிலேயே கை மாற்றிய விலை. ஓபன் இன்ட்ரஸ்ட் என்பது இன்னும் முடிக்கப்படாத ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. IV என்ற தலைப்பின் கீழ் வருவதோ சந்தையில் எவரும் வாங்கி விற்ற எண் அல்ல. பிரீமியத்தை 1973-இல் வந்த பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்தில் தலைகீழாகப் போட்டு ஏதோ ஒரு சர்வர் கணக்கிட்ட விடை அது. அந்தக் கணக்கில் என்ன வட்டி, எத்தனை நாள், எந்த அடிப்படை விலை என்பதைப் படம் காட்டாது. ஆகவே கணக்கை நாமே ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் மற்ற எண்களுக்குப் பொருள் கிடைக்கும்.

இந்த அத்தியாயத்துக்காக ஒரு நிஃப்டி செயினை அமைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்காக உருவாக்கப்பட்டவை. அவற்றுக்கிடையேயான உறவு மட்டும் சந்தையில் இருப்பதுபோலவே இருக்கும். நிஃப்டி ஸ்பாட் 25,000. வார எக்ஸ்பைரிக்கு இன்னும் 7 நாள்.

| ஸ்ட்ரைக் | கால் பிரீமியம் | புட் பிரீமியம் |
|---|---|---|
| 24,900 | 243 | 112 |
| 25,000 | 181 | 151 |
| 25,100 | 131 | 202 |

25,000 வரிசையில் திரை காட்டும் ஐ.வி. காலுக்கு 13.1, புட்டுக்கு 10.9 என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் பலர் சொல்லும் முடிவு: "கால் விலை ஏறிக் கிடக்கிறது, புட் மலிவு, ஏற்றத்துக்குத்தான் கிராக்கி." இந்த முடிவுக்கு அடிப்படையே இல்லை.

முதலில் ஃபார்வர்டைக் கண்டுபிடி

ஒரே ஸ்ட்ரைக்கில் ஒரு காலை வாங்கி ஒரு புட்டை விற்றால், எக்ஸ்பைரி அன்று குறியீட்டை அந்த ஸ்ட்ரைக் விலையில் வாங்கியதற்குச் சமம். மேலே போனால் கால் பணம் தரும். கீழே போனால் விற்ற புட் அதே அளவு பணத்தை எடுத்துக்கொள்ளும். எனவே கால் பிரீமியத்துக்கும் புட் பிரீமியத்துக்கும் உள்ள வித்தியாசம், எக்ஸ்பைரி நாளுக்கான குறியீட்டு விலையைச் சந்தை எங்கே வைத்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. அந்த விலைதான் ஃபார்வர்டு. ஒரு வாரத்துக்கான தள்ளுபடி மிகச் சிறியது என்பதால் அதை விட்டுவிட்டால் சூத்திரம் இவ்வளவுதான்:

F = K + C − P

நம் செயினில் 24,900 வரிசை தருவது 25,031. 25,000 வரிசை 25,030. 25,100 வரிசை 25,029. மூன்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன: ஃபார்வர்டு 25,030. இந்த எண் படத்தில் எங்கும் அச்சாகவில்லை. ஆனால் படத்தில் உள்ள பிரீமியங்கள் எல்லாம் ஸ்பாட்டைச் சுற்றி அல்ல, இதைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

இதை ஃபியூச்சர்ஸ் விலையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மாத எக்ஸ்பைரிக்கு அது சரி. நிஃப்டியில் வார எக்ஸ்பைரிக்கு ஆப்ஷன் உண்டு, ஃபியூச்சர்ஸ் இல்லை. ஆகவே வார ஃபார்வர்டைச் செயினிலிருந்துதான் பிழிந்தெடுக்க வேண்டும். நிஃப்டி ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை, அதாவது எக்ஸ்பைரிக்கு முன் செயல்படுத்த முடியாதவை. அதனால் இந்தச் சமன்பாடு தோராயமாக இல்லாமல் நெருக்கமாகவே பொருந்துகிறது.

இப்போது அந்த 13.1, 10.9 புதிருக்கு வருவோம். திரை ஸ்பாட் விலையான 25,000-ஐயே அடிப்படையாக வைத்து, வட்டி எதுவும் சேர்க்காமல் கணக்கிட்டிருக்கிறது. உண்மையான மையம் 30 புள்ளி மேலே இருப்பதால் கால் 15 ரூபாய் கூடுதலாகவும் புட் 15 ரூபாய் குறைவாகவும் அதற்குத் தெரிகிறது. இந்த ஸ்ட்ரைக்கில் ஐ.வி. ஒரு புள்ளி மாறினால் பிரீமியம் ஏறக்குறைய 14 ரூபாய் மாறும். ஆகவே அந்த 15 ரூபாய் இரு பக்கமும் ஒரு புள்ளிக்குச் சற்று மேலான பொய் வித்தியாசமாக வந்து நிற்கிறது. 25,030-ஐ வைத்துத் திரும்பக் கணக்கிட்டால் காலுக்கும் புட்டுக்கும் ஐ.வி. ஒன்றே: 12.0.

திரை வேறு வகையிலும் தவறலாம். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியை வைத்துக் கணக்கிட்டிருந்தால் அதன் ஃபார்வர்டு 25,048 ஆகியிருக்கும். அதே பிரீமியங்களுக்குக் கால் ஐ.வி. சுமார் 11.3 என்றும் புட் ஐ.வி. சுமார் 12.6 என்றும் காட்டியிருக்கும். இப்போது அதே குழுவில், "புட் விலை ஏறிக் கிடக்கிறது, பயம் தெரிகிறது" என்று எழுதியிருப்பார்கள். பிரீமியம் ஒரு பைசாகூட மாறவில்லை. மாறியது சர்வரின் அனுமானம். ஒரே ஸ்ட்ரைக்கில் கால், புட் ஐ.வி. விலகி நின்றால் அது பெரும்பாலும் சந்தையின் மனநிலை அல்ல, கணக்கின் பிழை.

செத்த விலைகள்

இந்தப் பிழை எல்லா வரிசையிலும் ஒரே திசையில் வரும். அதனால் அடையாளம் காண்பது எளிது. இன்னொரு பிழை ஒரு வரிசையில் மட்டும் வரும். அது LTP பத்தியில் ஒளிந்திருக்கிறது. LTP என்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. எப்போது நடந்தது என்பது செயினில் தெரியாது. 25,000 ஸ்ட்ரைக்கில் அது ஒரு நொடிக்கு முன் நடந்திருக்கும். 24,000 காலில் ஒரு மணி நேரத்துக்கு முன் நடந்திருக்கலாம்.

நம் படத்தில் 24,000 காலின் LTP 985 என்றும், IV இடத்தில் வெறும் கோடு என்றும் இருப்பதாகக் கொள்வோம். ஸ்பாட் 25,000 என்றால் இந்தக் காலின் உள்ளார்ந்த மதிப்பே 1,000. அதற்கும் கீழான விலையை எந்த ஐ.வி. போட்டாலும் சூத்திரம் தராது. விடை இல்லாததால்தான் கோடு. 985 என்பது நிஃப்டி கீழே இருந்தபோது நடந்த வியாபாரம். அதே வரிசையில் BID 1,021, ASK 1,037 என்று இருந்தால் நடு விலை 1,029. 25,030 ஃபார்வர்டுக்கு அது சரியாகப் பொருந்துகிறது. மலிவான கால் எதுவும் அங்கே கிடைக்கவில்லை.

இதிலிருந்து ஒரு வழக்கம் கிடைக்கிறது. LTP ஆனது BID, ASK இரண்டுக்கும் இடையில் இல்லையென்றால் அந்த வரிசையின் ஐ.வி.யைத் தள்ளிவிட வேண்டும். படத்தில் BID, ASK பத்திகளை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தால், ஃபார்வர்டுக்குக் கீழே புட்டையும் மேலே காலையும் மட்டும் நம்பலாம். அந்தப் பக்கங்களில்தான் வியாபாரம் அடர்த்தி, விலையும் புதிது.

வளைவு சொல்வதும் சொல்லாததும்

இப்படிச் சுத்தம் செய்த பின் ஐ.வி. பத்தியை மேலிருந்து கீழாக வாசிக்கலாம். மையத்தில் 12 என்றால் ஏழு நாளுக்கான நியம விலகல், 25,030 × 0.12 × √(7/365). விடை சுமார் 416 புள்ளி. 25,000 ஸ்ட்ராடிலின் விலையோ 181 + 151 = 332. இந்த இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்வது அனுபவசாலிகளிடமும் உண்டு. ஸ்ட்ராடில் விலை சொல்வது சராசரி நகர்வின் அளவை. அது நியம விலகலின் 0.8 மடங்கு. நியம விலகல் வரம்புக்குள் குறியீடு முடிய மாதிரியின்படி வாய்ப்பு 68 சதவீதம். ஸ்ட்ராடில் வரம்புக்குள் முடிய ஏறத்தாழ 58 சதவீதம்தான். "332 புள்ளிக்குள் 68 சதவீதம்" என்று நினைத்து ஸ்ட்ராடிலை விற்பவர், பத்தில் ஒரு பங்கு வாய்ப்பைத் தன் பக்கம் தவறாகச் சேர்த்துக்கொள்கிறார்.

அடுத்து இரு ஓரங்கள். ஃபார்வர்டுக்கு 530 புள்ளி கீழே 24,500 புட், ஐ.வி. 14, பிரீமியம் 33. ஃபார்வர்டுக்கு 520 புள்ளி மேலே 25,550 கால்; ஐ.வி. 11, பிரீமியம் 16. தூரம் கிட்டத்தட்ட ஒன்று, விலை இரு மடங்கு. இதைப் பார்த்து "சந்தை விழப்போகிறது" என்று படிப்பது அவசரம். பங்குக் குறியீடுகளில் இந்தச் சரிவு எப்போதும் இருக்கும் ஒன்று. அமெரிக்காவில் 1987 அக்டோபர் 19 அன்று டௌ ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அதற்கு முன் அங்கே குறியீட்டு ஆப்ஷன்களின் ஐ.வி. ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக் ஏறக்குறையச் சமமாக இருந்தது; அதன் பின் கீழ் ஸ்ட்ரைக்குகள் நிரந்தரமாக விலை ஏறின. குறியீடு விழும்போது அதன் ஆட்டமும் கூடுகிறது. பங்குகளை வைத்திருக்கும் நிதிகள் பாதுகாப்புக்காகப் புட் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. இந்த இரண்டும் எந்த வாரமும் இருப்பவை. ஆகவே 14-க்கும் 11-க்கும் உள்ள இடைவெளி மட்டும் செய்தி அல்ல. நேற்று அதே தூரத்தில் அந்த இடைவெளி எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு என்பதே செய்தி.

ஓபன் இன்ட்ரஸ்டுக்குத் திசை இல்லை

இனி அந்தச் சிவப்பு வட்டத்துக்கு வரலாம். 25,500 காலில் ஓபன் இன்ட்ரஸ்ட் செயினிலேயே அதிகம். CHNG IN OI பத்தியிலும் பெரிய கூட்டல். இந்தக் கூட்டல் நேற்றைய முடிவோடு ஒப்பிட்டது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு வாங்கியவரும் ஒரு விற்றவரும் உண்டு. இருவரும் புதிதாக நுழைந்தால் எண்ணிக்கை கூடும், இருவரும் வெளியேறினால் குறையும், ஒருவர் நுழைந்து மற்றவர் வெளியேறினால் அப்படியே நிற்கும். இதில் "கால் ரைட்டிங்" என்று தனியாகப் பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. எழுதப்பட்ட ஒவ்வொரு காலும் வாங்கப்பட்டும் இருக்கிறது. உண்மையில் கேட்க வேண்டியது, அவசரப்பட்டு விலையைத் தள்ளியது எந்தப் பக்கம் என்பது.

வழக்கமான விதி இப்படி: ஓபன் இன்ட்ரஸ்ட் கூடி பிரீமியம் குறைந்தால் விற்றவர் கை ஓங்கியது. நம் படத்தில் பிரீமியம் நேற்று 30, இன்று 22. விதிப்படி ரைட்டிங், ஆகவே ரெசிஸ்டன்ஸ். ஆனால் இந்த 8 ரூபாய் ஏன் குறைந்தது என்று பிரித்துப் பார்ப்போம்.

நேற்றிலிருந்து நிஃப்டி 60 புள்ளி விழுந்திருக்கிறது. இந்தக் காலின் டெல்டா நேற்று சுமார் 0.15, விழ விழ அது சுருங்கும். ஆக இந்த வீழ்ச்சியால் மட்டுமே ஏறக்குறைய 8 ரூபாய் போயிருக்க வேண்டும். ஒரு நாள் கழிந்ததற்கான தீட்டா இன்னும் 5 ரூபாய். யாரும் எந்தப் பக்கமும் அவசரப்படாமல் இருந்திருந்தால் 30 ரூபாய் கால் இன்று 17-இல் நின்றிருக்கும். நிற்பதோ 22. அந்த 5 ரூபாயை யாரோ கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஸ்ட்ரைக்கில் ஐ.வி. ஒரு புள்ளிக்கு வேகா சுமார் 7 ரூபாய், ஐ.வி. நேற்றைய 10.5-இலிருந்து இன்று 11.2-க்கு ஏறியது இதனால்தான். பிரீமியம் குறைந்தது, ஆனால் ஆப்ஷன் விலை ஏறியது. அவசரப்பட்டவர் வாங்கியவர்.

அதாவது சோதனை பிரீமியத்தை வைத்து அல்ல, ஐ.வி.யை வைத்து நடக்க வேண்டும். ஓபன் இன்ட்ரஸ்ட் கூடி அந்த ஸ்ட்ரைக்கின் ஐ.வி.யும் கூடினால் வாங்கியவர் தள்ளினார், ஐ.வி. குறைந்தால் விற்றவர் தள்ளினார். இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். குறியீடு விழும் நாளில் எல்லா ஸ்ட்ரைக்கின் ஐ.வி.யும் ஏறுவது வழக்கம். 25,000-இலும் 25,300-இலும் ஐ.வி. அதே 0.7 ஏறியிருந்தால், 25,500-இல் தனியாக ஒன்றும் நடக்கவில்லை. மொத்தச் சந்தையின் ஏற்றம் அங்கேயும் தெரிகிறது, அவ்வளவே. பக்கத்து ஸ்ட்ரைக்குகள் 0.2 ஏற, இது மட்டும் 0.7 ஏறியிருந்தால்தான் அந்த வரிசையில் ஒரு கை இருக்கிறது.

எண்ணிக்கையை நாளுக்கு நாள் ஒப்பிடுவதிலும் ஒரு குழி உண்டு. சில திரைகள் ஓபன் இன்ட்ரஸ்டை லாட் கணக்கில் காட்டும், சில யூனிட் கணக்கில். நிஃப்டி லாட் 2024 நவம்பரில் புதிய ஒப்பந்தங்களுக்கு 25-இலிருந்து 75 ஆனது. லாட் கணக்கில் அந்த எல்லையைத் தாண்டி ஒப்பிட்டவருக்கு ஆர்வம் திடீரென்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியதுபோல் தெரிந்திருக்கும்.

பெரிய எண்ணிக்கை இழுக்குமா, தள்ளுமா

"யார் வாங்கினாலும் சரி, இவ்வளவு ஓபன் இன்ட்ரஸ்ட் இருந்தால் எக்ஸ்பைரியில் விலை அங்கே ஒட்டும்" என்ற நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. நீ, பியர்சன், போட்டெஷ்மன் ஆகிய மூவர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஆப்ஷன் உள்ள அமெரிக்கப் பங்குகளின் விலை எக்ஸ்பைரி நாளில் ஸ்ட்ரைக்குகளுக்கு அருகே கொத்தாகக் கூடுவதைக் காட்டினர். அதற்கான இயக்கம் தெரிந்தால், படத்தில் எது இல்லை என்பதும் தெரியும்.

ஒரு பெரிய நிறுவனம் 25,500 கால்களை வாங்கி, டெல்டாவை ஹெட்ஜ் செய்துகொண்டே இருக்கிறது என்போம். குறியீடு 25,500-க்கு மேலே ஏறினால் அதன் டெல்டா கூடும். சமன்செய்ய அது விற்க வேண்டும். கீழே இறங்கினால் வாங்க வேண்டும். இந்த விற்பனையும் வாங்கலும் விலையை ஸ்ட்ரைக்கை நோக்கி இழுக்கின்றன. ஹெட்ஜ் செய்பவர் அதே கால்களை விற்றவராக இருந்தால் எல்லாம் தலைகீழ்: ஏறும்போது வாங்குவார், இறங்கும்போது விற்பார், விலை ஸ்ட்ரைக்கிலிருந்து தள்ளப்படும். எக்ஸ்பைரி நெருங்க நெருங்க காமா பெருத்து இரண்டு விளைவும் வலுக்கும்.

இரு நிலையிலும் ஓபன் இன்ட்ரஸ்ட் பத்தி ஒரே எண்ணைத்தான் காட்டும். முடிவைத் தீர்மானிப்பது, இரு பக்கத்தில் ஹெட்ஜ் செய்பவர் எந்தப் பக்கம் என்பது. நம் படத்தில் ஐ.வி. ஏறியிருப்பதால் வெளியாள் அவசரமாக வாங்கியிருக்கிறார். அவருக்கு விற்றவர் சந்தை உருவாக்குபவராக இருந்து, அவர் ஹெட்ஜ் செய்பவராகவும் இருந்தால், 25,500 ஒட்டும் இடம் அல்ல. அங்கே போனால் ஏற்றம் வேகம் பிடிக்கும். அந்த வாங்கல் ஒரு ஸ்பிரெடின் ஒரு பகுதி என்றால் இந்த வாசிப்பும் தளரும். மறு பகுதி வேறு ஸ்ட்ரைக்கிலோ, படத்தில் இல்லாத வேறு எக்ஸ்பைரியிலோ இருக்கலாம்.

எனவே அடுத்த முறை இப்படியொரு படம் வரும்போது, அதன் ஓரத்தில் எழுத வேண்டியவை சில வரிகள்தான். ஃபார்வர்டு 25,030, மூன்று வரிசையிலிருந்து. மைய ஐ.வி. 12, காலுக்கும் புட்டுக்கும் ஒன்றே. நியம விலகல் 416, ஸ்ட்ராடில் 332. 25,500-இல் ஐ.வி. நேற்றைவிட 0.7 மேல், பக்கத்து ஸ்ட்ரைக்குகளைச் சரிபார்க்க வேண்டும். இந்தக் கடைசி வரிக்கு நேற்றைய படமும் தேவை; அது இல்லாமல் வட்டமிட்டு அனுப்பியவரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தப் படத்தைத்தான்.